கல்யாணம் முடிந்த மணப்பெண்ணுக்கு நன்றி சொல்லி, கருத்துரையும் பரிந்துரையும் கேட்பது எப்படி?

மாம்பலம் அலங்காரி | பிப்ரவரி 17, இரவு 10:20

ஒன்பது ஆண்டுகளாக மணப்பெண் அலங்காரம் செய்து வருகிறேன். நேற்று ஞாயிறு, வடபழனியில் ஒரு மண்டபத்தில், ஆறு மணி முகூர்த்தத்துக்கு ஒரு பெண்ணை அலங்கரித்தேன். அவருக்கு நாளைக் காலை அனுப்புவதற்காக ஒரு வாட்ஸ்அப் செய்தியை எழுதி வைத்திருக்கிறேன். இதை அனுப்பலாமா என்று சொல்லுங்கள்.

"அன்பு மணமகளே, உங்கள் வாழ்வின் பொன்னான நாளில் எங்களுக்கும் ஓர் இடம் தந்தமைக்கு மனமார்ந்த நன்றி. எங்கள் சேவை உங்களுக்குப் பிடித்திருந்தால், கீழேயுள்ள இணைப்பில் 5 நட்சத்திரம் தந்து சில நல்ல வார்த்தைகள் எழுதுங்கள். எழுதிய படத்தை எங்களுக்கு அனுப்பினால் 500 ரூபாய் திருப்பித் தரப்படும். கல்யாணம் நிச்சயமான மூன்று தோழியரின் எண்களையும் அனுப்பி உதவுங்கள்."

இதே வாசகத்தைத்தான் இரண்டு ஆண்டுகளாக எல்லோருக்கும் அனுப்பி வருகிறேன். பத்துப் பேருக்கு அனுப்பினால் ஒருவரோ இருவரோதான் எழுதுகிறார்கள். எண்களை இதுவரை யாருமே தந்ததில்லை.

படம்பிடிப்பவர் | பிப்ரவரி 17, இரவு 10:48

செய்தியில் குறை இல்லை, நாளில்தான் குறை. ஏன் நாளை வரை காத்திருக்கிறீர்கள்? சாப்பாட்டுப் பந்தி முடிந்து, பெண் காரில் ஏறும்முன்பே இணைப்பை அனுப்பிவிட வேண்டும். மகிழ்ச்சியின் சூடு ஆறிவிட்டால் பிறகு யாரும் எழுத மாட்டார்கள். நான் மண்டப வாசலில் வைத்தே அப்பாவின் கைப்பேசியில் எழுத வைத்துவிடுவேன்.

நங்கநல்லூர் மாமி | பிப்ரவரி 18, காலை 6:05

மணப்பெண் நன்றி சொல்வது மிக நல்ல வழக்கம். என் பேத்தி கல்யாணத்துக்குப் பிறகு, வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் என்ன பரிசு வந்தது என்று குறித்து வைத்து, மொய் நோட்டைப் பார்த்துப் பார்த்து நன்றி எழுதினாள். முதலில் வயதில் பெரியவர்களுக்கு எழுதுவது முறை.

மாம்பலம் அலங்காரி | பிப்ரவரி 18, காலை 6:40

மாமி, நான் கேட்டது மணப்பெண்ணுக்கு நாங்கள் எழுதும் நன்றியைப் பற்றி. ஆனாலும் மொய் நோட்டைப் பார்த்து எழுதினாள் என்று நீங்கள் சொன்னது என் மனத்தில் தைத்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் அவரவருக்கு உரியதை அந்தப் பெண் எழுதியிருக்கிறாள். நான் ஒரே வாசகத்தைச் சேமித்து வைத்து எல்லோருக்கும் அனுப்புகிறேன். செய்தியை இன்று அனுப்பவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறேன்.

தை மணப்பெண் | பிப்ரவரி 18, பகல் 1:15

எனக்குப் போன மாதம் கல்யாணம் ஆனது. உங்கள் பட்டியலின் மறுமுனையில் இருந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

முகூர்த்தத்தன்று மாலை வரை என் கைப்பேசி என் கையிலேயே இல்லை. அது அம்மாவின் பையில் கிடந்தது. இரவில் அதை வாங்கித் திறந்தபோது வாழ்த்துகளுக்கு நடுவே நான்கு பேர் நட்சத்திரம் கேட்டிருந்தார்கள். அலங்காரம் செய்தவர், மெகந்தி வைத்தவர், மேடை அமைத்தவர், நகை வாடகைக்குத் தந்தவர். நான்கு செய்திகளிலும் "பொன்னான நாள்" இருந்தது. ஒன்றில் என் பெயரே தவறாக இருந்தது, வேறு யாருக்கோ எழுதியதை அப்படியே அனுப்பியிருந்தார். அந்த இரவில், புதிய வீட்டில், எங்கே உட்காருவது என்றுகூடத் தெரியாமல் இருந்த எனக்கு, வேலை முடிந்ததும் கணக்குத் தீர்க்க வந்தவர்களைப் போலத்தான் அவர்கள் தெரிந்தார்கள். நால்வரில் மூவர் மிக நன்றாக வேலை செய்தவர்கள். ஆனாலும் ஒருவருக்கும் எழுதவில்லை.

500 ரூபாய் தருகிறேன் என்று எனக்கும் ஒருவர் எழுதியிருந்தார். அதை வாங்கிக்கொண்டு எழுதினால் நான் எழுதுவது உண்மையாக இருந்தாலும் எனக்கே பொய்யாகத் தோன்றும்.

புரசை அழகுநிலையம் | பிப்ரவரி 18, இரவு 9:30

இருபத்திரண்டு ஆண்டுகளாக அழகுநிலையம் நடத்துகிறேன். நிலையத்தின் கூகுள் பக்கத்தையும் நானே கவனித்துக்கொள்கிறேன். மாம்பலம் தங்கை எழுதியதில் மூன்று இடங்களில் எனக்கு மறுப்பு உண்டு.

முதலாவது, 500 ரூபாய். கருத்துரைக்குப் பணமோ தள்ளுபடியோ இலவசமோ தருவதைக் கூகுளின் விதிகள் நேரடியாகவே தடுக்கின்றன. எழுதிய கருத்துரையைத் திருத்தவோ எடுக்கவோ ஏதாவது தருவதும் அதே தடைக்குள்தான் வருகிறது. கண்டுபிடித்தால் கருத்துரைகளை நீக்கிவிடுவார்கள். இப்படிச் சேர்த்தவற்றோடு நேர்மையாக வந்தவையும் போய்விடுமோ என்ற அச்சத்தோடு யாரும் தொழில் நடத்த வேண்டாம்.

இரண்டாவது, "பிடித்திருந்தால்" என்ற சொல். பார்வைக்குப் பணிவான சொல்தான். ஆனால் பிடித்தவர் மட்டும் எழுதுங்கள், பிடிக்காதவர் பேசாமல் இருங்கள் என்பதே அதன் பொருள். நல்லதை மட்டும் தேர்ந்து கேட்பதையும், குறை எழுதுபவரைத் தடுப்பதையும் கூகுள் ஏற்பதில்லை. இத்தனை நட்சத்திரம் என்று நாமே எண்ணிக்கையைச் சொல்லிவிட்டால், பிறகு அது அந்தப் பெண்ணின் கருத்தாக எப்படி இருக்கும்?

மூன்றாவது, தோழியரின் எண்கள். உன் எண்ணை உன்னைக் கேட்காமல் இன்னொருவரிடம் கொடுத்தால் உனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். அந்தப் பெண்ணை அவள் தோழிகளின் முன் ஒரு தரகராக நிறுத்துகிறாய். எண்ணை வாங்காதே. அவள் விரும்பினால் பிறருக்கு அனுப்பக்கூடிய ஒரு குறிப்பை அவள் கையில் கொடு.

தோரணம் கட்டுபவர் | பிப்ரவரி 18, இரவு 10:02

புரசை அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2022 முதல் இந்தியாவில் இதற்குச் சட்டமே வந்துவிட்டது. காசு கொடுத்துக் கருத்துரை வாங்கினால் அபராதம் கட்ட வேண்டும். எனக்கு வந்த ஒரு செய்தியில் படித்தேன்.

புரசை அழகுநிலையம் | பிப்ரவரி 18, இரவு 10:25

தம்பி, நீங்கள் சொல்வது பாதி சரி. 2022 நவம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்டது IS 19000:2022 என்ற தரநிலை. இணையக் கருத்துரைகளைத் திரட்டுவது, சரிபார்ப்பது, வெளியிடுவது பற்றியது அது. விரும்பியவர் பின்பற்றலாம் என்றே அப்போது அறிவித்தார்கள். கருத்துரைகளை வெளியிடும் தளங்களையும் நிறுவனங்களையும் நோக்கி எழுதப்பட்டது அது. மாம்பலத்தில் ஓர் அலங்காரப் பெட்டியோடு வேலை செய்பவரை நாளை காலை வந்து பிடிக்கும் சட்டம் அல்ல. பயத்தினால் நிறுத்துவதைவிட, தை மணப்பெண் சொன்ன காரணத்துக்காக நிறுத்துவதே சரி.

மாம்பலம் அலங்காரி | பிப்ரவரி 18, இரவு 11:50

அக்கா, மூன்றையும் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு செய்தியில் மீதம் இருந்தது "அன்பு மணமகளே" என்று தொடங்கும் முதல் வரி மட்டும்தான்.

இப்போது நான் மறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நேற்று முன்தினம் எல்லாம் ஒழுங்காக நடக்கவில்லை. பெண்ணுக்குத் தோள் வரை, அடுக்கடுக்காக வெட்டிய மெல்லிய முடி. முதல் நாள்தான் தலைக்குக் குளித்திருந்ததால் முடி வழுக்கியது. சவுரி வைத்துப் பின்னி, அதன்மேல் பூ ஜடை தைத்து, குஞ்சலம் கட்டினேன். பூ வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்து வைத்திருந்ததால் ஜடை கனத்துப் போயிருந்தது. கூறைப்புடவை மாற்றும் நேரத்தில்தான் தொல்லை தொடங்கியது. மற்றப் புடவைகளை முந்திய நாளே மடிப்பு எடுத்துத் தேய்த்து வைத்துவிடுவோம். கூறையைத் தட்டில் வைத்துப் பெரியவர்கள் எல்லோரும் தொட்டு ஆசீர்வதித்த பிறகுதான் கையில் தருவார்கள். ஆகவே அதை அங்கேயே மடித்து, அங்கேயே கட்ட வேண்டும். வெளியே அத்தை கதவைத் தட்டுகிறார், உள்ளே மடிப்பு நிற்கவில்லை. அந்த அவசரத்தில் ஜடையின் மேல்கட்டைச் சரிபார்க்காமல் பெண்ணை மணைக்கு அனுப்பிவிட்டேன்.

தாலி கட்டும்போது முடிச்சுப் போடுவதற்காக நாத்தனார் பின்னாலிருந்து ஜடையைத் தூக்கினார். சவுரி தளர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் குனிந்தபடியே மேடைக்குப் போய் இரண்டு கொண்டை ஊசியைச் செருகிவிட்டு வந்தேன். கெட்டிமேளத்தில் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் வீடியோவில் அது இருக்கும்.

இப்படி நடந்த பிறகு அந்தப் பெண்ணிடம் கருத்துரை கேட்கலாமா, அல்லது நன்றியோடு நிறுத்திக்கொள்ளலாமா? என் பழைய வாசகத்தில் "பிடித்திருந்தால்" என்ற சொல் எதற்காக இருந்தது என்று இன்றுதான் எனக்கே புரிகிறது.

படம்பிடிப்பவர் | பிப்ரவரி 19, காலை 7:30

கேட்காதீர்கள். எனக்கும் ஒரு முறை, மாலை மாற்றும் நேரத்தில் நினைவட்டை நிறைந்துவிட்டது. அந்த வீட்டாரிடம் நான் எதையும் கேட்கவில்லை, அவர்களும் எதையும் எழுதவில்லை. உறங்குவதைத் தட்டி எழுப்புவானேன்?

புரசை அழகுநிலையம் | பிப்ரவரி 19, காலை 8:10

அவர்கள் கூகுளில் எழுதாமல் இருந்திருக்கலாம். குடும்பத்துக்குள் சொல்லாமல் இருந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. சென்னையில் அலங்காரக்காரரை முடிவு செய்வது பெரும்பாலும் பெரியம்மாவும் சித்தியும் அத்தையும் இருக்கும் குடும்பக் குழுவில்தான். அந்தக் குழுவில் "ஜடை விழுந்துவிட்டது" என்ற ஒரு வரி மட்டும் போவதற்கும், "ஜடை சாய்ந்தது, அந்தப் பெண் தானே ஒப்புக்கொண்டு வருத்தப்பட்டாள்" என்று போவதற்கும் வேறுபாடு உண்டு.

தங்கை, முதலில் நன்றியை மட்டும் அனுப்பு. அதில் இணைப்பு வேண்டாம். தவறை ஒரே வரியில் சொல், விளக்கம் வேண்டாம். வழுக்கும் முடி, அத்தை கதவைத் தட்டியது எல்லாம் இங்கே எங்களிடம் சொல்லலாம். அவளிடம் சொன்னால் தவறை அவள் முடியின்மேலும் அவள் அத்தையின்மேலும் போட்டதாக ஆகிவிடும்.

மாம்பலம் அலங்காரி | பிப்ரவரி 19, மாலை 5:45

மறுவீடு நேற்று முடிந்துவிட்டது என்று அவருடைய அம்மாவிடமிருந்து தெரிந்துகொண்டு, இன்று நான்கு மணிக்கு இதை அனுப்பினேன். தொடக்கத்தில் அவருடைய பெயரை மட்டும் எழுதினேன், "மணமகளே" இல்லை.

"வணக்கம். மறுவீடு நல்லபடியாக முடிந்தது என்று அம்மா சொன்னார்கள். ஞாயிறு விடியற்காலை மூன்று மணிக்கு, 'இந்த மூக்குத்தி பாட்டியுடையது, இது மறையாமல் இருந்தால் போதும் அக்கா' என்று நீங்கள் சொன்னீர்கள். அன்றைய வேலை முழுவதும் அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் செய்தேன். அந்தப் பொறுப்பை என்னிடம் தந்ததற்கு நன்றி. தாலி கட்டும் நேரத்தில் ஜடை சாய்ந்தது என் பிழை, மேல்கட்டை நான் இன்னொரு முறை பார்த்திருக்க வேண்டும். இதற்குப் பதில் எழுத வேண்டும் என்பதில்லை, நன்றாக ஓய்வெடுங்கள்."

எழுத நாற்பது நிமிடம் ஆனது. மூக்குத்தியைப் பற்றி நினைவுக்கு வரும்வரை ஒரு வரிகூட நகரவில்லை. அது வந்த பிறகு மற்றவை தாமாக வந்தன. இனி மண்டபத்திலிருந்து திரும்பும்போதே, அந்தப் பெண் சொன்ன ஒரு சொல்லையோ கேட்ட ஒரு பொருளையோ நோட்டில் குறித்து வைக்கப்போகிறேன். மாமியின் மொய் நோட்டைப் போல.

நங்கநல்லூர் மாமி | பிப்ரவரி 19, இரவு 7:20

பாட்டி மூக்குத்தியை நினைவு வைத்து எழுதினாயே, அதுவே போதும். என் பேத்திக்கு யாராவது இப்படி எழுதியிருந்தால் நானே நாலு வீட்டில் சொல்லியிருப்பேன். இணைப்பெல்லாம் எனக்குத் திறக்கத் தெரியாது.

மாம்பலம் அலங்காரி | பிப்ரவரி 20, காலை 11:10

பதில் வந்தது. "அக்கா, ஜடையை நான் கவனிக்கவே இல்லை. நாத்தனார்தான் சொன்னாள். மூக்குத்தியைப் பாட்டி பார்த்து அழுதுவிட்டார்கள்." இவ்வளவுதான்.

இதைக் கேட்டதும் இப்போதே இணைப்பை அனுப்பிவிடலாம் என்று கை பரபரத்தது. ஆனால் பதில் எழுத வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு, பதில் வந்த உடனே கேட்டால் முதல் செய்தியே தூண்டில் என்று ஆகிவிடும். காத்திருக்கிறேன்.

தை மணப்பெண் | பிப்ரவரி 20, பகல் 2:30

காத்திருங்கள். எனக்கு அலங்காரத்தைப் பற்றிப் பேச ஆசை வந்தது படங்கள் கைக்கு வந்த அன்றுதான். கல்யாணத்தன்று நான் என்னைப் பார்க்கவே இல்லை, மற்றவர்கள்தான் என்னைப் பார்த்தார்கள். படத்தில் பார்க்கும்போதுதான் பொட்டு எங்கே இருந்தது, ஓமப் புகையில் மை கலையாமல் நின்றதா என்பதெல்லாம் தெரிந்தது.

இன்னொன்று. கூகுளில் எழுதினால் என் பெயரோடு வரும், என் மாமியார் பார்ப்பார், எவ்வளவு கொடுத்தோம் என்று பேச்சு வரும். நான் எழுதத் தயங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். படம் போடுங்கள் என்று கேட்டிருந்தால் அம்மா திருஷ்டி என்று தடுத்திருப்பார்.

படம்பிடிப்பவர் | பிப்ரவரி 20, மாலை 6:00

இதை ஒப்புக்கொள்கிறேன். படங்களைக் கொடுப்பவன் நான் என்பதால் அன்றைய நாளின் மகிழ்ச்சி எனக்குத் தெரியும். எங்கள் தொழிலில் அந்த நாள் நம் கையிலேயே இருக்கிறது, அலங்காரம் செய்பவருக்கு இல்லை. அப்படியானால் படம் எப்போது வருகிறது என்பதைப் படப்பிடிப்பாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் அப்பாக்களிடம் அன்றே கேட்கலாம் என்ற என் எண்ணத்தை நான் விடவில்லை. பாக்கித் தொகையைக் கொடுக்கும்போது அவர்கள் மனநிறைவோடுதான் இருக்கிறார்கள்.

புரசை அழகுநிலையம் | பிப்ரவரி 20, இரவு 9:15

அப்பா மனநிறைவோடு இருக்கலாம். மூவாயிரம் சாப்பாட்டு இலையைக் கணக்குப் பார்த்தவர் அலங்காரத்தைப் பற்றி என்ன எழுதுவார்? "நல்ல சேவை" என்று எழுதுவார். அதைப் படித்து எந்தப் பெண்ணும் எதையும் முடிவு செய்ய முடியாது. எத்தனை மணிக்கு வந்தார்கள், முடி குட்டையாக இருந்தால் என்ன செய்தார்கள், உதட்டுச் சாயம் சாப்பிட்ட பிறகும் நின்றதா என்பதைத்தான் அவள் தேடுவாள். வாசலில் வைத்து எழுத வாங்குவதை நான் ஏற்கவில்லை. எதிரே நின்று கேட்டால் யாரால் உண்மையை எழுத முடியும்?

மாம்பலம் அலங்காரி | பிப்ரவரி 23, இரவு 10:40

காத்திருக்கும் நேரத்தில் பழையதொன்றை எழுதுகிறேன். முன்னர் ஓர் அக்காவுக்கும் தங்கைக்கும் மூன்று மாத இடைவெளியில் அலங்காரம் செய்தேன். அக்காவுக்கு அனுப்பிய நன்றியில் "உங்களைப் போன்ற அழகான மணப்பெண்ணை நான் பார்த்ததில்லை" என்று ஒரு வரி இருந்தது. சேமித்து வைத்த அதே வாசகம் தங்கைக்கும் போனது. இருவரும் ஒரு நாள் கைப்பேசிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தங்கை அந்த இரண்டு படங்களையும் எனக்கு அனுப்பினார், கூடவே ஒரு சொல்லும் எழுதவில்லை. அந்த வீட்டில் மூன்றாவதாக ஒரு பெண் இருக்கிறாள். அவளுடைய கல்யாணத்துக்கு வேறொருவர் போனார்.

வாட்ஸ்அப் பிசினஸில் சேமித்த வாசகத்தை ஒரு சாய்கோடு போட்டு எடுத்துவிடலாம் என்பதுதான் எனக்கு இந்தப் பழக்கத்தைத் தந்தது. இப்போது அதில் முகவரியும், வழியும், முன்பணம் செலுத்தும் விவரமும் மட்டும் வைத்திருக்கிறேன். நன்றி வாசகத்தை அழித்துவிட்டேன்.

தோரணம் கட்டுபவர் | பிப்ரவரி 24, காலை 9:00

எனக்கு முப்பது கல்யாணம் வரும் மாதமும் உண்டு. ஒவ்வொருவருக்கும் நாற்பது நிமிடம் என்றால் வாழை மரத்தை யார் கட்டுவது? நான் ஒளிபரப்புப் பட்டியலில் ஒரே செய்தியைத்தான் அனுப்புவேன்.

புரசை அழகுநிலையம் | பிப்ரவரி 24, காலை 9:40

உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்தவருக்குத்தான் அந்தப் பட்டியலில் அனுப்புவது போய்ச் சேரும். கல்யாணம் முடிந்ததும் தோரணக்காரர் எண்ணை எத்தனை பேர் வைத்திருப்பார்கள் என்று பாருங்கள். முப்பது பேருக்கும் எழுத முடியாவிட்டால் ஐந்து பேருக்கு எழுதுங்கள், மற்றவர்களுக்கு நேரில் சொன்ன நன்றியே போதும். ஆனால் உங்கள் வேலைக்கு மணப்பெண்தான் சரியான ஆளா என்று எனக்கு ஐயம். தோரணத்தைப் பார்த்து ஏற்பாடு செய்தவர் மாமாவாகவோ சித்தப்பாவாகவோ இருப்பார்.

மாம்பலம் அலங்காரி | மார்ச் 13, இரவு 8:30

படங்கள் நேற்று வந்துவிட்டன. பெண்ணே மூன்று படங்களை எனக்கு அனுப்பினார், மூன்றிலும் மூக்குத்தி தெளிவாகத் தெரிகிறது. இன்று மாலை இதை அனுப்பினேன்.

"படங்களுக்கு மிக்க நன்றி, பாட்டியோடு எடுத்ததை மறுபடி மறுபடி பார்த்தேன். உங்களிடம் ஒரு வேண்டுகோள். அன்றைய அலங்காரம் எப்படி இருந்தது என்று, நடந்ததை நடந்தபடியே, இரண்டு மூன்று வரி கூகுளில் எழுத முடியுமா? ஜடையைப் பற்றியும் எழுதலாம், குட்டை முடியுள்ள பெண்களுக்கு அது உதவும். தொகையையும் மண்டபத்தையும் குறிப்பிட வேண்டாம், படமும் தேவையில்லை. உங்கள் பெயரோடு வெளியில் தெரியும் என்பதால், தயக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். நான் மறுபடி கேட்க மாட்டேன்."

கீழே இணைப்பு. என் கூகுள் பக்கத்தில் கருத்துரை கேட்பதற்கென்று தரும் g.page/r/ என்று தொடங்கும் அந்த இணைப்புதான். அனுப்பும்முன் என் அக்காவின் கைப்பேசியில் திறந்து பார்த்தேன். முன்பு நான் அனுப்பி வந்தது வரைபடத்தில் என் கடையைக் காட்டும் இணைப்பு. அதைத் திறப்பவர் கீழே இறங்கித் தேடினால்தான் எழுதும் இடம் வரும். எத்தனை பேர் அங்கேயே திரும்பிப் போனார்களோ.

பரிந்துரையை இதில் சேர்க்கவில்லை. ஒரு செய்தியில் ஒரு வேண்டுகோள் போதும் என்று தோன்றியது.

படம்பிடிப்பவர் | மார்ச் 13, இரவு 9:05

ஜடையைப் பற்றி எழுதச் சொல்லி நீங்களே கேட்டிருக்கிறீர்கள். இது எனக்குத் துணிச்சலாகத் தெரியவில்லை, தேவையற்றதாகத் தெரிகிறது. அவரே மறந்திருப்பார்.

புரசை அழகுநிலையம் | மார்ச் 13, இரவு 9:50

இதில் படம்பிடிப்பவரோடு பாதி உடன்படுகிறேன். "நடந்ததை நடந்தபடியே" என்பதோடு நிறுத்தியிருக்கலாம். என்ன எழுத வேண்டும் என்று நாம் சொல்லக் கூடாதென்றால், குறையை எழுது என்பதும் சொல்வதுதானே. ஆனால் "மறுபடி கேட்க மாட்டேன்" என்ற வரி நல்ல வரி. அதை எழுதியபிறகு அதைக் காப்பாற்று.

மாம்பலம் அலங்காரி | மார்ச் 14, காலை 7:00

அக்கா சொன்னது சரி. இரவு படித்ததும் திருத்தலாம் என்று கைப்பேசியை எடுத்தேன். அனுப்பிய செய்தியைத் திருத்தப் பதினைந்து நிமிடம்தான் இடம் உண்டு, அது கடந்திருந்தது. அடுத்தவருக்கு எழுதும்போது அந்த வரி இருக்காது.

மாம்பலம் அலங்காரி | மார்ச் 16, இரவு 9:20

எழுதிவிட்டார். நான்கு நட்சத்திரம்.

"விடியற்காலை மூன்று மணிக்கு முன்பே வந்துவிட்டார். பாட்டியின் மூக்குத்திக்கு ஏற்ப எல்லாவற்றையும் எளிமையாகச் செய்தார். என் முடி குட்டை, சவுரி வைத்த ஜடை தாலி கட்டும்போது கொஞ்சம் சாய்ந்தது, உடனே வந்து சரி செய்தார், பிறகு தானாகவே வருத்தமும் தெரிவித்தார். பகல் இரண்டு மணி வரை முகம் அப்படியே இருந்தது."

நான்கு என்பதைப் பார்த்ததும் நெஞ்சில் ஒரு கணம் வலித்தது என்பதை மறைக்க மாட்டேன். என் பக்கத்தில் மற்றவை எல்லாம் ஐந்துதான், அவற்றில் 500 ரூபாய் வாங்கியவையும் உண்டு. படித்து முடித்ததும், என் பக்கத்தில் இருப்பவற்றில் ஒரு மணப்பெண்ணுக்கு உண்மையில் பயன்படுவது இது ஒன்றுதான் என்று தெரிந்தது.

பொதுவில் இப்படிப் பதில் எழுதினேன். "நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. குட்டை முடிக்கு இப்போது உச்சியில் இரண்டு சிறு பின்னல்களைப் போட்டு, சவுரிக் கயிற்றை அவற்றினூடே கோத்து முடிந்து, ஊசிகளைக் குறுக்காகச் செருகுகிறேன். புறப்படும்முன் ஒரு முறை ஜடையைத் தூக்கிப் பார்க்கிறேன்." அவர் பெயரையோ கல்யாண விவரத்தையோ பதிலில் எழுதவில்லை.

புரசை அழகுநிலையம் | மார்ச் 17, காலை 8:00

பதில் நன்றாக இருக்கிறது. பின்னல் போடும்போது உச்சியில் முடியைக் கொஞ்சம் பின்வாரிச் சிக்காக்கிக்கொள், வழுக்கும் முடிக்கு அதுவும் வேண்டும். மணப்பெண்ணிடம் முதல் நாள் எண்ணெய்க் குளியல் வேண்டாம், இரண்டு நாள் முன்பே முடித்துக்கொள்ளச் சொல்.

காசு கொடுத்து வாங்கிய பழையவற்றை என்ன செய்யப் போகிறாய்?

மாம்பலம் அலங்காரி | மார்ச் 17, இரவு 11:00

அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர்களிடம் போய் நீக்கச் சொல்வதா, விட்டுவிடுவதா என்று தெரியவில்லை. எழுதியவர்கள் பொய் எழுதவில்லை. ஆனால் கேட்ட முறை தவறு. ஆறு பேர் இருக்கிறார்கள்.

தோரணம் கட்டுபவர் | மார்ச் 18, காலை 10:15

விட்டுவிடுங்கள். ஆறு பேரையும் அழைத்து, அன்று கொடுத்தது தவறு என்று சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும்.

தை மணப்பெண் | மார்ச் 18, மாலை 4:40

எனக்குச் சொன்னால் குழப்பமாக இராது. நிம்மதியாகத்தான் இருக்கும்.

மாம்பலம் அலங்காரி | ஏப்ரல் 24, இரவு 9:00

பரிந்துரையைப் பற்றி. சித்திரை பிறந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் வடபழனி கோயிலுக்கு வந்தபோது என்னை வழியில் பார்த்துப் பேசினார்கள். "என் சித்தி மகளுக்கு ஆவணியில் கல்யாணம், உங்களைப் பற்றிச் சொன்னேன் அக்கா" என்று அவரே தொடங்கினார். எனக்குக் கேட்க வேண்டிய தேவையே வரவில்லை. அன்று இரவு, அவரோ அவருடைய அம்மாவோ அப்படியே பிறருக்கு அனுப்பக்கூடிய குறிப்பு ஒன்றை மட்டும் அவருக்கு அனுப்பினேன்.

"மாம்பலத்திலிருந்து வருகிறேன். முகூர்த்தத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே மண்டபத்தில் இருப்பேன். முன்கூட்டியே வீட்டுக்கு வந்து முடியையும் நகையையும் பார்த்து, ஒரு முறை செய்து காட்டுவேன். ஒரு முகூர்த்தத்துக்கு ஒரே மணப்பெண்தான். ஆவணியில் இந்தத் தேதிகள் ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டன." அதன் கீழே தேதிகளும் என் எண்ணும்.

அதற்கு மேலே அவருக்கு எழுதியது ஒரு வரிதான். "சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, யாராவது கேட்டால் தேடாமல் அனுப்புவதற்காக." யாரிடமும் எண் கேட்கவில்லை, தள்ளுபடியும் சொல்லவில்லை.

படம்பிடிப்பவர் | ஏப்ரல் 25, காலை 8:20

தேதிகள் போனதை எழுதியது எனக்குப் பிடித்தது. நாங்கள் அதை எழுதுவதில்லை, பிறகு பத்துப் பேருக்கு இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பரிந்துரைத்தவருக்கு எதுவும் தருவதில்லையா? நான் ஒரு படச்சட்டம் கொடுப்பேன்.

புரசை அழகுநிலையம் | ஏப்ரல் 25, காலை 11:30

கருத்துரைக்குத் தருவதும், வந்து சேர்ந்த பிறகு பரிந்துரைத்தவருக்கு நன்றியாகத் தருவதும் ஒன்றல்ல. இரண்டாவதை நானும் செய்வேன். முன்னாலேயே இவ்வளவு தருவேன் என்று சொல்லிவிட்டால், சொந்தக்காரர் முன்னிலையில் அவருக்கு அது கமிஷன் ஆகிவிடும். சொல்லாமல் கொடு. ஒரு தாம்பூலப் பை, ஒரு ரவிக்கைத் துணி, மஞ்சள் குங்குமம், போதும்.

மாம்பலம் அலங்காரி | ஜூன் 29, மாலை 6:50

சித்தி வீட்டிலிருந்து நேற்று அழைத்தார்கள். பேசியது பெண்ணின் பெரியம்மா. கூகுளில் எழுதியிருந்ததை மகள் படித்துக் காட்டினாளாம். தொகையைக் கேட்கும்முன், "எங்கள் பெண்ணுக்கும் குட்டை முடிதான், அந்த இரண்டு பின்னல் முறையை வீட்டுக்கு வந்து செய்து காட்ட முடியுமா?" என்று கேட்டார். ஆடி பிறக்கும்முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆறு பேரில் நான்கு பேரை அழைத்துப் பேசிவிட்டேன். இருவர் நீக்கிவிட்டார்கள், ஒருவர் தாமே மாற்றி எழுதுகிறேன் என்றார், ஒருவர் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். மீதி இருவரின் எண்கள் மாறிவிட்டன.

இன்னொரு கேள்வி. வைகாசியில் ஒரு பெண்ணுக்கு இரண்டாவது செய்தியை அனுப்பினேன். நீலக் குறி விழுந்து இருபது நாள் ஆகிறது, பதில் இல்லை. மறுபடி கேட்க மாட்டேன் என்று அதிலும் எழுதியிருக்கிறேன். ஆனால் அவர் இணைப்பைத் திறக்க முடியாமல் விட்டாரா, விருப்பமில்லாமல் விட்டாரா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

புரசை அழகுநிலையம் | ஜூன் 29, இரவு 9:10

வழி இல்லை. தலை ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வருவார், அப்போது ஒரு வாழ்த்து அனுப்பு, அதில் இணைப்பு வேண்டாம்.

தை மணப்பெண் | ஜூன் 30, பகல் 12:45

ஜனவரியில் எனக்கு அலங்காரம் செய்தவருக்கு நேற்று எழுதினேன். அவர் பிறகு ஒரு முறையும் கேட்கவில்லை.